கழுத்துக்கோடு முறிந்த பிறகு

2010ஆம் ஆண்டு ஜூன் கடைசியில் அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கவனித்தவர்கள் பலரும் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் சார்ட்டில் மூன்று மேடுகள் தெரிந்தன. நடுவில் இருந்தது உயரம், இரண்டு பக்கமும் இருந்தவை தாழ்வு. நடு மேட்டைத் தலை என்றும் பக்கத்து மேடுகளைத் தோள்கள் என்றும் பெயரிட்டு, இந்த வடிவத்தை 'தலை-தோள்' என்பார்கள். நெடுநாள் ஏறிவந்த விலை இனி இறங்கப்போகிறது என்பதற்கான அறிகுறியாக இதை எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு வரைந்த படம் கடைசியில் பொய்த்துப்போனது. பாடப்புத்தகத்தில் அழகாகப் பலித்த உதாரணங்களைவிட, இது பொய்த்த விதத்தில்தான் நமக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படத்தை எண்களோடு பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் அன்றன்றைய முடிவு விலை, புள்ளிகளில். 2009 மார்ச்சிலிருந்து ஏறிக்கொண்டிருந்த குறியீடு 2010 ஜனவரியில் 1,150ஐத் தொட்டது; அது இடது தோள். பிப்ரவரியில் 1,057க்கு இறங்கி, மறுபடி ஏறி ஏப்ரல் 23 அன்று 1,217ல் நின்றது, அது தலை. அங்கிருந்து சரிந்து ஜூன் 7 அன்று 1,050. பிறகு ஒரு சிறு ஏற்றம், 1,118 வரை. அது வலது தோள். பழைய உச்சியை எட்டும் தெம்பு வாங்குபவர்களிடம் இல்லை என்பதைத்தான் வலது தோள் காட்டுகிறது. இந்த வடிவத்தின் உயிரே அந்தத் தளர்ச்சிதான்.

தலைக்கு இரண்டு பக்கமும் விலை இறங்கி நின்ற இடங்களை, அதாவது 1,057ஐயும் 1,050ஐயும், ஒரு கோட்டால் இணைத்தால் கிடைப்பது கழுத்துக்கோடு. கோடு முறியாதவரை மூன்று மேடுகளுக்கும் எந்த அர்த்தமும் இல்லை. முதன்முதலாக சார்ட் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வலது தோள் உருவாகும்போதே 'தலை-தோள் வந்துவிட்டது' என்று அவசரப்பட்டு விற்றுவிடுவார்கள். அந்த நேரத்தில் அது மூன்று ஏற்ற இறக்கங்கள், அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு நாள் வர்த்தகம் முடிந்தால்தான் வடிவம் முழுமையாகிறது. பகல் நடுவே கொஞ்சம் கீழே போய்வருவதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது நல்லது.

ஜூன் 29 அன்று அது நடந்தது. முடிவு விலை 1,041.

விலை எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று கணிக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. தலையின் உச்சியிலிருந்து, நேர் கீழே கழுத்துக்கோடு வரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். கோடு சாய்வாக இருந்தால் தலைக்கு நேர் கீழே கோடு எங்கே இருக்கிறதோ அந்த இடம்தான் கணக்கு. 2010ல் அது சுமார் 1,053. ஆகவே உயரம் 164 புள்ளிகள். கோடு முறிந்த இடத்திலிருந்து இந்த உயரத்தைக் கழிக்க வேண்டும். முறிந்த அன்று கோடு 1,049ல் இருந்தது. அதில் 164 போனால் 885. இதுதான் இலக்கு.

இந்த 885 வாக்குறுதி அல்ல. மேலே ஏறியபோது எவ்வளவு வேகம் இருந்ததோ, இறங்கும்போதும் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும் என்ற அனுமானம் மட்டுமே. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: நம் கணிப்பு தவறு என்று எந்த விலையில் ஒப்புக்கொள்வோம்? 1,041ல் ஷார்ட் போனவருக்கு, 885 வரை போனால் 156 புள்ளி லாபம். வலது தோளின் உச்சியான 1,118ஐ எல்லையாக வைத்தால், தவறினால் 77 புள்ளி நட்டம். நட்டத்தைப்போல இரு மடங்கு லாபம் கிடைக்கும் வாய்ப்பு. கணக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் இறக்கம் ஜூலை 2 அன்று 1,023ல் நின்றுவிட்டது. ஐந்து வர்த்தக நாட்கள் கோட்டுக்குக் கீழே கிடந்த குறியீடு ஜூலை 7 அன்று 1,060ல் முடிந்தது. வடிவம் அன்றே செத்துவிட்டதா? இல்லை. முறிந்த கோட்டை விலை திரும்பிவந்து ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி விழுவது சகஜம். ஆகையால் கோட்டுக்கு மேலே வருவதை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளலாம். பாதிச் சரக்கைக் குறைக்கலாம், எல்லையை இறக்கலாம். வலது தோளுக்கு மேலே முடிவு விலை போவதுதான் தீர்ப்பு. வாங்குபவர்கள் தளர்ந்துவிட்டார்கள் என்ற அடிப்படையே அப்போது உடைந்துவிடுகிறது. ஆகஸ்ட் 2 அன்று குறியீடு 1,126ல் முடிந்தது. அத்துடன் அந்தத் தலை-தோள் காலாவதி. 885 பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அதே ஆகஸ்ட் 26 அன்று குறியீடு மறுபடி 1,047க்கு வந்தது. பழைய கோட்டை இன்னும் சார்ட்டில் வைத்திருந்தவர்கள் 'இப்போதாவது பலிக்கும்' என்று நம்பியிருப்பார்கள். நவம்பரில் அது ஏப்ரல் உச்சியையே தாண்டிவிட்டது. காலாவதியான வடிவத்தின் கோடுகளை அழித்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இரட்டை உச்சிக்கும் இதே தர்க்கம்தான். ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு மேடுகள், நடுவே ஒரு பள்ளம். இங்கே கழுத்துக்கோட்டின் வேலையைச் செய்வது பள்ளத்தின் அடி. அது உடைந்தால், உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரத்தைப் பள்ளத்திலிருந்து கழித்து இலக்கைக் காண வேண்டும்.

இதே குறியீடு மிகப் பெரிய இரட்டை உச்சி ஒன்றையும் காட்டியிருக்கிறது. 2000 மார்ச்சில் 1,527. 2002 அக்டோபரில் 777. 2007 அக்டோபரில் 1,565. 2008 நவம்பர் 20 அன்று 752ல் முடிந்து பள்ளம் உடைந்தது. மறுநாளே 800க்கு ஏறிவிட்டது. 2009 பிப்ரவரியில் மறுபடி உடைந்தது. இப்போது சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். உயரம் 788, 777லிருந்து 788ஐக் கழித்தால் இலக்கு பூஜ்யத்துக்கும் கீழே! எந்தக் குறியீடும் அங்கே போக முடியாது.

சில மாத வடிவத்துக்குப் புள்ளிக் கணக்கு போதும். விலை பாதியாகும் அளவு பெரிய வடிவத்துக்குச் சதவீதக் கணக்குதான் பொருந்தும். 1,565லிருந்து 777 என்றால் பாதி இறக்கம். 777லிருந்து இன்னொரு பாதி இறங்கினால் சுமார் 385. அபத்தமில்லாத எண்தான், ஆனால் அதுவும் பலிக்கவில்லை. மார்ச் 9 அன்று 677ல் திரும்பிய குறியீடு அடுத்த வாரமே 777க்கு மேலே வந்துவிட்டது. இரட்டை உச்சியில் வலது தோள் என்ற இடைநிலை எல்லை கிடையாது. ஏட்டளவில் வடிவம் முழுதாக ரத்தாவது உச்சிக்கு மேலே விலை முடியும்போதுதான். அவ்வளவு தூரம் காத்திருந்தால் பணம் கரைந்துவிடும். நடைமுறையில், உடைந்த பள்ளத்துக்கு மேலே ஏறி சில நாட்கள் அங்கேயே நிலைத்தால் வெளியேறுவதுதான் சரி. 777ல் அப்படி வெளியேறாமல் உச்சியையே எல்லையாக வைத்திருந்தவருக்கு 2013 மார்ச் 28 அன்றுதான் பதில் கிடைத்தது. அன்று குறியீடு 1,569ல் முடிந்தது.