விடியலுக்கு முன் எழும் ஹார்மோன்

சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல உட்கார்ந்திருக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகளும் கார்டிசாலை நாள் முழுக்க ஒரே அளவில் சுரப்பதில்லை. நள்ளிரவில் அது ரத்தத்தில் ஏறக்குறைய இல்லாத அளவுக்கு இறங்கிவிடும். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு, ஆள் இன்னும் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போதே, மெல்ல ஏறத் தொடங்கும். கண் விழிக்கும் நேரத்தையொட்டி உச்சத்தைத் தொடும். பிறகு பகல் முழுவதும் படிப்படியாகச் சரிந்து, படுக்கப் போகும்போது மறுபடி அடிமட்டத்துக்கு வந்துவிடும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற தூது ஹார்மோனை அனுப்பித்தான் இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துகிறது. காலையில் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழாமல் இருப்பதும், இரவு முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பில் சர்க்கரை அளவு நிலையாக இருப்பதும் இந்த விடியற்காலை ஏற்றத்தின் துணையோடு நடப்பவை.

அட்ரீனல் செயலிழந்தவர்களுக்கு இந்த ஹார்மோன் கிடைப்பதில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855இல் இந்த நோயை விவரித்தார். அன்று இதற்கு மருந்தே கிடையாது. இன்று கார்டிசாலை அப்படியே மாத்திரையாகக் கொடுக்க முடிகிறது. ஹைட்ரோகார்டிசோன் என்பது கார்டிசாலின் மருந்துப் பெயர்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பெரும்பங்கு காலையிலேயே போய்விடும்.

மருந்து சரியானதுதான், அது உடம்பில் வந்து போகும் விதத்தில்தான் குறை இருக்கிறது. சாதாரண ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. பிறகு சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைகிறது. காலை ஆறரைக்குப் பத்து மில்லிகிராம், மதியம் ஐந்து, மாலை ஐந்து மணிக்கு இரண்டரை என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்றால், அவர் ரத்தத்தில் மூன்று கூரான மலைகளும் நடுவே பள்ளங்களும் தெரியும். காலை மலையின் உச்சி தேவைக்கு மேல் போகக்கூடும். கார்டிசாலைச் சுமந்து செல்லும் புரதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் மிச்சம் கட்டற்றுத் திரிந்து திசுக்களைத் தாக்கிவிட்டு வேகமாக வெளியேறிவிடும். மாலை வேளை மருந்தோ, உடம்பு கார்டிசாலை இறக்கி வைக்க வேண்டிய நேரத்தில் ஏற்றி வைக்கிறது. எடை, சர்க்கரை, எலும்பு என்று நீண்டகாலத்தில் வரும் சங்கடங்களில் இதற்கும் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள்.

இவற்றையெல்லாம் விட ஆழமான குறை இரவில் இருக்கிறது. மாலை மாத்திரை இரவு பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். அங்கிருந்து காலை ஆறரை வரை அவர் உடம்பில் கார்டிசால் இல்லை என்றே சொல்லலாம். இயற்கை ஏற்றத்தைத் தொடங்கும் நேரத்தில்தான் அவர் வெறுமையாகக் கிடக்கிறார். தலைவலி, குமட்டல், கைகால் அசைக்க முடியாத சோர்வு ஆகியவற்றோடு விழிப்பது பலருக்கும் பழகிப்போன ஒன்று. சிலர் மாத்திரையையும் தண்ணீரையும் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு, எழ வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அலாரம் வைத்து விழுங்கிவிட்டு மறுபடி படுத்துவிடுவார்கள். விழித்த பிறகு விழுங்கும் எந்த மாத்திரையும், விழிக்கும் முன் வர வேண்டிய கார்டிசாலைத் தர முடியாது. மருந்தின் வேகத்தை மாற்றும் முயற்சிகள் ஒவ்வொன்றையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் வந்தது நாளுக்கு ஒரே முறை எடுக்கும் இரட்டை வெளியீட்டு மாத்திரை. ப்ளெனட்ரென் என்ற பெயரில் ஐரோப்பாவில் 2011இல் அனுமதி பெற்றது. வெளிப்பூச்சு உடனே கரைந்து காலைத் தேவையைத் தரும். உள்ளிருக்கும் கரு மெல்ல மெல்ல மருந்தைக் கசியவிட்டுப் பகலைச் சமாளிக்கும். மதிய, மாலை மலைகள் மறைந்து, காலையிலிருந்து இரவு வரை ஒரே சரிவாகிவிடுகிறது. 2012இல் வெளியான சோதனை ஒன்றில் 64 பேர் இதையும் மூன்று வேளை மாத்திரையையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார்கள். புதிய மாத்திரையில் எடையும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தன. ஆனால் அதே மில்லிகிராம் கொடுத்தும் இந்த மாத்திரையிலிருந்து உடம்பில் சேர்ந்த மொத்தக் கார்டிசால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. எனவே நன்மை தாளம் சீரானதால் வந்ததா, மருந்தே குறைவாகச் சேர்ந்ததால் வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். அதோடு, இதையும் விழித்த பிறகுதான் விழுங்க வேண்டும். மாலையின் அதிகப்படியை இது தீர்த்தது. விடியலின் வெறுமையை அல்ல.

விடியலைக் குறிவைத்துச் செய்யப்பட்டது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பேராசிரியர் ரிச்சர்ட் ராஸ் குழுவினர் உருவாக்கிய தாமத வெளியீட்டுக் காப்ஸ்யூல். உள்ளே நுண்ணிய மணிகள் இருக்கும். ஒவ்வொரு மணியின் மேலும் ஹைட்ரோகார்டிசோன் படிந்திருக்க, அதற்கும் மேலே இரைப்பையின் அமிலத்தில் கரையாத ஒரு பூச்சு. சிறுகுடலில் அமிலம் தணிந்த இடத்துக்கு வந்த பிறகே பூச்சு விலகும். படுக்கும்போது விழுங்கினால் தூக்கத்தின் முதல் சில மணி நேரம் ஒன்றும் நடக்காது. விடியற்காலையில் மருந்து ரத்தத்தில் ஏறத் தொடங்கி, விழிக்கும் நேரத்தையொட்டி உச்சத்துக்கு வரும். நாளின் மொத்த அளவில் மூன்றில் இரண்டு பங்கோ சற்றுக் கூடுதலோ இரவிலும், மிச்சம் காலையிலும் எடுக்க வேண்டும். பல் துலக்கும் இரண்டு வேளையும்தான் மருந்து வேளை என்பதால் நினைவில் வைப்பது சுலபம். இரவு உணவுக்கும் காப்ஸ்யூலுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

எஃப்மோடி என்ற பெயரில் இது 2021இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது, 12 வயதுக்கு மேற்பட்ட பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி நோயாளிகளுக்கு. இந்த நோயில் கார்டிசால் தயாரிக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே குறைவாக இருக்கும். கார்டிசால் இல்லாததால் பிட்யூட்டரி விடியற்காலையில் ஏ.சி.டி.எச்.சை வாரி இறைக்கும். அந்த உந்துதலில் அட்ரீனல், கார்டிசாலுக்குப் பதில் ஆண் ஹார்மோன்களைப் பெருக்கும். விடியலின் வெறுமை சோர்வோடு நில்லாமல் அளந்து பார்க்கக்கூடிய கேட்டையும் செய்யும் இடம் இது. 122 பெரியவர்களை வைத்து நடந்த சோதனையில், 24 மணி நேரக் கட்டுப்பாடு என்று முன்கூட்டியே வகுத்த முக்கிய அளவுகோலில் காப்ஸ்யூல் பழைய சிகிச்சையை வெல்லவில்லை. ஆனால் காலை நேரக் கட்டுப்பாடு தெளிவாக மேம்பட்டது. காப்ஸ்யூல் எந்த நேரத்துக்கென்று செய்யப்பட்டதோ அந்த நேரத்தில் அது வேலை செய்கிறது என்பதுதான் அதன் நேர்மையான வாசிப்பு.

குடலை நம்பாமல் நேராகத் தோலுக்கடியில் மருந்து செலுத்துவது இன்னொரு வழி. நார்வேயின் பெர்கனில் கிறிஸ்டியன் லோவோஸ், எய்ஸ்டைன் ஹுசபி இருவரும் 2007இல் அடிசன் நோயாளிகள் ஏழு பேருக்கு இன்சுலின் பம்ப்பில் ஹைட்ரோகார்டிசோன் ஊற்றிப் பொருத்தினார்கள். வயிற்றுத் தோலடியில் ஒரு மெல்லிய குழல். இடுப்பில் கைபேசியைவிடச் சிறிய கருவி. நாளை நான்கு ஆறு மணி நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் வைத்தார்கள். உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மணிக்கு, விடியற்காலை இரண்டு முதல் எட்டு வரை 1 மில்லிகிராம், அதன்பின் மதியம் இரண்டு வரை 0.5, இரவு எட்டு வரை 0.2, நள்ளிரவு தாண்டி இரண்டு வரை 0.05.

உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். விடியற்காலையில் மணிக்கு 1.6 மில்லிகிராம் வீதம் ஆறு மணி நேரத்தில் 9.6 மில்லிகிராம் போகும். காலையில் 4.8, பிற்பகலில் சுமார் 1.9, முன்னிரவில் அரை மில்லிகிராம். மொத்தம் ஏறக்குறைய 17. நாளின் மருந்தில் பாதிக்கு மேல் அவர் தூங்கும்போதும் எழும்போதும் இறங்கிவிடுகிறது. கருவிக்கோ மில்லிகிராம் தெரியாது. அது இன்சுலின் யூனிட்டில்தான் கணக்கிடும். ஒரு யூனிட் என்பது 0.01 மில்லிலிட்டர். 100 மில்லிகிராம் மருந்துப் பொடியை 2 மில்லிலிட்டரில் கரைத்தால் ஒரு யூனிட்டில் அரை மில்லிகிராம் இருக்கும். ஆகவே விடியற்காலை வேகத்தை மணிக்கு 3.2 யூனிட் என்று பதிய வேண்டும். கரைசலின் அடர்த்தியை மாற்றிவிட்டு வேகத்தை மாற்ற மறந்தால் அளவு இரு மடங்காகவோ பாதியாகவோ போகும். கரைத்த மருந்தை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குழலையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக் குத்த வேண்டும்.

பம்ப் தாளத்தை மீட்கிறது என்பதில் ஐயமில்லை. 2014இல் நார்வேயிலும் ஸ்வீடனிலும் 33 பேரிடம் நடந்த சோதனையில் விடியற்காலை ஏ.சி.டி.எச்.சும் கார்டிசாலும் இயல்புக்குத் திரும்பின. பங்கேற்றவர்கள் உற்சாகம் கூடியதாகவும் சொன்னார்கள். ஆனால் எந்தச் சிகிச்சையில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே ஆண்டு வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் பத்துப் பேருக்கு பம்ப்பும் மாத்திரையும் இரண்டுமே கொடுத்து, ஏதாவது ஒன்றில் மட்டும் உண்மை மருந்தை வைத்தார்கள். எதில் மருந்து என்று தெரியாதபோது உடல்நலம் பற்றிய அவர்கள் உணர்வில் வித்தியாசம் தெரியவில்லை. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. என்றாலும் அந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது.

பம்ப்பின் பெரிய ஆபத்து அது நின்றுபோவது. தோலடியில் சேமிப்பு எதுவும் இருக்காது; சில மணி நேரத்தில் உடம்பு வெறுமையாகிவிடும். குழல் அடைத்தால் கருவி அலாரம் அடிக்கும். தோலிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டாலோ மருந்து தடையின்றிப் பிளாஸ்திரிக்கடியில் கசிந்துகொண்டிருக்கும், அலாரம் வராது. இரவு ஒரு மணிக்கு அப்படி நழுவினால், அதிக மருந்து போக வேண்டிய ஆறு மணி நேரமும் வீணாகிவிடும். குமட்டலோடு விழிப்பது, எழுந்தால் தலை சுற்றுவது, பிளாஸ்திரி ஈரமாக இருப்பது ஆகியவை அடையாளங்கள். அப்போது கருவியைச் சரிசெய்து கொண்டிருக்கக் கூடாது. முதலில் சாதாரண மாத்திரையை விழுங்க வேண்டும். வாந்தியோ மயக்கமோ இருந்தால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனைத் தொடைத் தசையில் ஊசியாகப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெதுவாக வெளியாகும் மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: பேதியில் அவை மருந்தைத் தரும் முன்பே குடலைக் கடந்துவிடலாம். காய்ச்சல் நாட்களில் அளவைக் கூட்டும் விதியும், அடிசன் நோயாளிகளுக்கு உப்பைக் காக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையும் எந்த வழியிலும் மாறுவதில்லை.

நீரிழிவுக்காரர்களின் சர்க்கரையைத் தோலில் ஒட்டிய சென்சார் ஓயாமல் சொல்வதுபோல் கார்டிசாலைச் சொல்லும் கருவி நோயாளிகளின் கைக்கு இன்னும் வரவில்லை. உமிழ்நீரை மணிக்கணக்கில் சேகரித்தோ ரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தோதான் தாளம் சரியா என்று பார்க்க முடியும். அதனால் பம்ப் இன்னும் எல்லாருக்குமான சிகிச்சையாகவில்லை; இன்சுலினுக்கென்று செய்த கருவியை இதற்குப் பயன்படுத்துவதால் செலவும் பெரும்பாலும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது. குடல் மருந்தை உறிஞ்சாதவர்கள், மருந்தை மிக வேகமாகக் கழித்துவிடும் உடம்புக்காரர்கள், மாத்திரை நேரங்களை எப்படி மாற்றியும் காலைகளை மீட்க முடியாதவர்கள் ஆகியோருக்கே நிபுணர்கள் இதைத் தருகிறார்கள். அவர்களும் பையில் மாத்திரையும் அவசர ஊசியும் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.