ஒளிப்படக் கோட்டுருவில் குறும்பாதை காணல்: தொலைவு அட்டவணை எதைக் காட்டும், எதைக் காட்டாது

ஆய்வுச் சுருக்கம்

எடையிட்ட கோட்டுரு ஒன்றைப் படத்திலிருந்து படித்து, பேராசை முறையால் குறும்பாதை காணும்போது, படிதோறும் எழுதப்படும் தொலைவு அட்டவணை கணக்குப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். படிப்புப் பிழையைக் காட்டாது. ராயப்பேட்டைப் பகுதி இடங்களை முனைகளாகக் கொண்ட ஓர் எடுத்துக்காட்டின் வழி இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. தெளிவாகத் தெரியாத எண் ஒன்று விடையை எப்போது மாற்றும் என்பதைக் கணிக்கும் வழியையும் தருகிறது.

திறவுச்சொற்கள்: கோட்டுரு, முனை, விளிம்பு, எடை, குறும்பாதை, பேராசை முறை, டைக்ஸ்ட்ரா

முன்னுரை

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் குறும்பாதை வழிமுறையை வகுத்தார். 1959இல் அது மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. அர்மாக் என்னும் கணிப்பொறியின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காகவே அவர் இச்சிக்கலைத் தேர்ந்தார். நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட எளிய சாலைப்படம் அதற்குப் பயன்பட்டது. 64 என்று வரையறுத்ததால், ஒரு நகரைக் குறிக்க ஆறு இருமஎண்கள் போதுமாயின. ஆக, கணக்குத் தொடங்குமுன் ஒரு படத்தை எண்களாக மாற்றும் வேலை அன்றும் இருந்தது. அவ்வேலையில் நேரும் தவற்றை வழிமுறை அறியாது. இன்று கரும்பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டில் கணக்கிடும் மாணவர்க்கும் நிலை இதுவே.

எடுத்துக்காட்டு

கரும்பலகையில் வரைந்து படமெடுத்த கோட்டுரு ஒன்றைக் கொள்வோம். அதில் ஆறு முனைகள் உள்ளன: மணிக்கூண்டு (ம), அரசு மருத்துவமனை (அ), நியூ கல்லூரி (ந), அஜந்தா சந்திப்பு (ஜ), கோபாலபுரம் (கோ), லஸ் (ல). எடைகள் நடை நிமிடங்களாகக் கருதப்பட்டவை. அவை விளக்கத்திற்காகக் கொண்ட எண்களேயன்றிச் சாலையில் அளந்தவை அல்ல. விளிம்புகள் வருமாறு: ம–அ 4, ம–ந 9, அ–ந 3, அ–ஜ 10, ந–ஜ 6, ந–கோ 7, ஜ–கோ 5, ஜ–ல 12, கோ–ல 14. எல்லா விளிம்புகளும் இருதிசையின. மணிக்கூண்டிலிருந்து லஸ் வரையிலான குறும்பாதையே வேண்டப்படுவது.

தொடக்க முனைக்கு 0, ஏனையவற்றுக்கு ∞ என எழுதுகிறோம். பின்னர், இன்னும் முடிவு செய்யப்படாத முனைகளுள் மிகக் குறைந்த தொலைவுடையதைத் தேர்ந்து, அதன் வழியே அண்டை முனைகளுக்குக் குறைந்த தொலைவு கிடைத்தால் திருத்துகிறோம். சாய்கோட்டை அடுத்துள்ள எழுத்து, அத்தொலைவைத் தந்த முன்னோடி முனையைக் குறிக்கும்.

| படி | தேர்ந்த முனை | அ | ந | ஜ | கோ | ல |
|---|---|---|---|---|---|---|
| 1 | ம (0) | 4/ம | 9/ம | ∞ | ∞ | ∞ |
| 2 | அ (4) | – | 7/அ | 14/அ | ∞ | ∞ |
| 3 | ந (7) | – | – | 13/ந | 14/ந | ∞ |
| 4 | ஜ (13) | – | – | – | 14/ந | 25/ஜ |
| 5 | கோ (14) | – | – | – | – | 25/ஜ |
| 6 | ல (25) | – | – | – | – | – |

ல-விலிருந்து முன்னோடிகளைப் பின்தொடர்ந்தால் ஜ, ந, அ, ம என வருகிறது. எனவே பாதை ம–அ–ந–ஜ–ல; நீளம் 4+3+6+12 = 25.

'பேராசை' என்னும் சொல்லைப் பலர் 'நிற்கும் இடத்திலிருந்து அருகில் உள்ள முனைக்குச் செல்வது' என்று பொருள்கொள்கின்றனர். அவ்வாறு சென்றால் ஜ-விலிருந்து 12 நிமிட லஸை விட்டு, 5 நிமிடக் கோபாலபுரத்திற்குத் திரும்ப நேரும்; மொத்தம் 4+3+6+5+14 = 32 ஆகிவிடும். வழிமுறை ஒப்பிடுவது அடுத்த விளிம்பின் எடையை அன்று. தொடக்கத்திலிருந்து கூட்டிவந்த மொத்தத் தொலைவை.

மூன்றாம் படியில் ந-வின் 7 ஏன் இனி மாறாது? அப்போது முடிவு செய்யப்படாத ஏனைய முனைகள் அனைத்தின் தொலைவும் 7க்குக் குறையாதவை. ந-வுக்கு வரும், இதுவரை ஒப்பிடப்படாத வேறெந்தப் பாதையும் அவற்றுள் ஒன்றின் வழியே வரவேண்டும். குறையெண் எடை இல்லாததால் அப்பாதை 7ஐவிடக் குறைய இயலாது. குறையெண் எடை ஒன்று இருந்தாலும் இவ்வாதம் வீழும். அங்கே பெல்மன்–ஃபோர்டு முறையே பொருந்தும்.

அட்டவணை காட்டும் பிழை

தேர்ந்த முனைகளின் தொலைவுகளை வரிசையாக எழுதுக: 0, 4, 7, 13, 14, 25. இவ்வரிசை ஒருபோதும் இறங்கக் கூடாது. ஒரு மாணவர் நான்காம் படியில் கவனமின்றி ஜ-வை விட்டுக் கோ-வைத் தேர்ந்தால் வரிசை 14, 13 என இறங்கும். பிழை அங்கேயே வெளிப்படும். அவ்வாறே ஒவ்வொரு முனையின் தொலைவிலிருந்தும் அதன் முன்னோடியின் தொலைவைக் கழித்தால் இடைப்பட்ட விளிம்பின் எடை கிடைக்கவேண்டும். விடைத்தாள் திருத்துவோர்க்கு இவ்விரு சோதனைகளே பெரும்பாலும் போதும்.

அட்டவணை காட்டாத பிழை

சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய 7இன் மேற்கோடு ஒளிப்பளபளப்பில் மறைந்து, ந–கோ எடை 1 எனப் படிக்கப்பட்டதாகக் கொள்வோம். அப்போது தேர்வு வரிசை 0, 4, 7, 8, 13, 22 ஆகும். வரிசை இறங்கவில்லை, கழித்தல் சோதனையும் பொருந்துகிறது. ஆயினும் விடை ம–அ–ந–கோ–ல, 22 என மாறிவிட்டது. அட்டவணை குற்றமற்றது, அது வேறொரு கோட்டுருவுக்குரிய அட்டவணை என்பதே குறை.

ஐயத்திற்குரிய எண் விடையைப் பாதிக்குமா என்பதைப் படத்தை மீண்டும் எடுக்காமலே அறியலாம். அவ்விளிம்பை நீக்கிவிட்டு ஒருமுறை தொடக்கத்திலிருந்தும், மற்றொருமுறை இறுதி முனையிலிருந்தும் கணக்கிட வேண்டும். ந–கோ இல்லாதபோது ம-விலிருந்து ல-வுக்கு 25. ம-விலிருந்து ந-வுக்கு 7. ல-விலிருந்து கோ-வுக்கு 14. ஐயத்திற்குரிய எடை x எனில் அதன் வழிச்செல்லும் பாதை 7 + x + 14. எதிர்த்திசையில் சென்றால் 18 + x + 18. அது எப்போதும் 25ஐ விஞ்சும். ஆகவே x + 21 < 25, அதாவது x < 4 ஆனால் மட்டுமே விடை மாறும். சரியாக 4 எனில் 25 நீளமுள்ள இரு பாதைகள் அமையும்.

இதனால் 7ஆ 9ஆ என்னும் ஐயம் விடையைத் தீண்டாது; 7ஆ 1ஆ என்னும் ஐயம் தீண்டும். ம–ந விளிம்புக்கும் இவ்வாறே கணிக்கலாம்: ந-விலிருந்து ல-வுக்கு 18 என்பதால் x + 18 < 25, எல்லை 7. அங்கே 9 என்பது 8 ஆகத் தோன்றினால் தீங்கில்லை. 4 ஆகத் தோன்றினால் நீளம் 22 ஆகி, மருத்துவமனை பாதையிலிருந்து விலகிவிடும்.

இம்முறை ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண் ஐயத்திற்குரியதாக இருக்கும்போதே செல்லும். இரு கோடுகள் குறுக்கிடும் இடத்தருகே எழுதிய இரு எண்கள் இடம்மாறிப் படிக்கப்பட்டால் இரண்டும் ஒருங்கே மாறும். அ–ஜ, ந–கோ ஆகியவற்றின் 10, 7 இடம்மாறினால் ஜ-வின் தொலைவு 11 ஆகி, ல-வின் தொலைவு 23 ஆகும். அத்தகைய இடத்தில் இரு வாசிப்புகளுக்கும் தனித்தனி அட்டவணை போடுவதே தக்கது. குறுக்கிடும் புள்ளியை முனையாகக் கொள்ளும் தவறும் அங்கேதான் நேர்கிறது. வட்டமும் பெயரும் இல்லாத புள்ளி முனையன்று.

கற்பிப்போர் விடைத்தாளில் அட்டவணைக்கு முன்பாக விளிம்புப் பட்டியலைத் தனியே எழுதச் சொல்லலாம். ஒன்பது விளிம்புகளுக்கு ஒன்பது வரிகளே. பட்டியல் தவறி அட்டவணை சரியாயிருந்தால் மாணவர் வழிமுறையை அறிந்திருக்கிறார். பட்டியல் சரியாயிருந்து அட்டவணை தவறினால் அறியவில்லை. இறுதி விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவோர்க்கு இவ்விருவரும் ஒருவராகவே தோன்றுவர்.