ஏலக் காசும் மூன்றாம் ஆளும்

கணவன் மனைவிக்கு இடையே பதற்றம் ஏறி, அதை இருவராலும் நேராகப் பேசித் தீர்க்க முடியாதபோது மூன்றாவது ஒருவர் உள்ளே இழுக்கப்படுகிறார். அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன் இதை முக்கோணம் என்றார். 1950-களில் நோயாளியோடு அவருடைய குடும்பத்தையும் மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்த அனுபவத்திலிருந்து அவருடைய கோட்பாடு வளர்ந்தது. இருவர் உறவு பதற்றத்தில் நிலைகொள்ளாது, மூவர் சேர்ந்தால் நிலைகொண்டுவிடும் என்பது அவர் கருத்து. இருவருக்குள் இருந்த சூடு மூன்று பக்கமாகப் பிரிவதால் தற்காலிக அமைதி கிடைக்கிறது. ஆனால் முதல் சிக்கல் அப்படியே கிடக்கிறது.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரையுள்ள மீனவக் குப்பங்களில் இந்த மூன்றாம் இடம் பெரும்பாலும் மாமியாருக்கே போய்ச் சேரும். அதற்குக் குணத்தைவிடத் தொழிலே காரணம். ஆண் பிடித்து வருவதைப் பெண் விற்பது கடலோர வழக்கம். கல்யாணத்துக்கு முன் மகனின் பாட்டை விற்றவர் தாய். கல்யாணத்துக்குப் பின் அந்த மீன் கூடை யார் கைக்கு, எப்போது போகும் என்பதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

ஒரு மாதிரிக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஃபைபர் படகுக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடன் இருக்கிறது. கணவன் விடியலில் கரையேறி மீனைத் தாயிடம் கொடுக்கிறான். தாய் அதை ஏலத்தில் விற்று, வீட்டுச் செலவுக்கு மருமகளிடம் ஒரு தொகை தருகிறார். “இன்னைக்குப் பாடு எவ்வளவுக்குப் போச்சு?” என்று மனைவி கேட்கிறாள். “அம்மாகிட்ட கேளு” என்கிறான் கணவன். முக்கோணம் முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. கடனைப் பற்றிக் கணவனும் மனைவியும் பேசியிருக்க வேண்டிய பேச்சு, மாமியார் மருமகள் சண்டையாக உருமாறிவிடுகிறது.

இதை மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அவர் மறைப்பதால்தான் கேட்கிறேன் என்பாள் மனைவி. அவள் குடைவதால்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்பான் கணவன். “கடல்லேர்ந்து வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்கிறா, அதான் என் வூட்டுல சோறு போடுறேன்” என்பார் தாய். மூவர் சொல்வதும் உண்மை. ஒரே வட்டத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் வெட்டித் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான். கேள்வி மௌனத்தை வளர்க்கிறது, மௌனம் தாய் வீட்டுத் திண்ணைக்கு அனுப்புகிறது, திண்ணை அடுத்த கேள்வியைக் கூர்மையாக்குகிறது. இதுவே சுழற்சிக் காரணம். இதில் தொடங்கியவர் யார் என்று தேடுவது வீண்வேலை.

அத்தை மகன், மாமன் மகள் மணம் உள்ள வீட்டில் முக்கோணம் ஒன்றோடு நிற்பதில்லை. அங்கே மாமியார் என்பவர் பெண்ணின் தகப்பனுக்கு உடன்பிறந்தவர். பெண் தாய் வீட்டில் அழுதால் அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்துகிறார்கள். அதற்கும் மேலே போனால் ஊர்ப் பஞ்சாயத்து. வலை அறுந்த வழக்கில் தப்பு யார்மேல் என்று கேட்டு அபராதம் விதிக்கலாம். வட்டமாகச் சுற்றும் வழக்கில் அதே கேள்வி ஒரு பக்கத்துக்கு வெற்றியைக் கொடுத்து, மறுபக்கத்தை அடுத்த ஆள் தேட வைக்கிறது.

இத்தாலியின் மிலான் நகரச் சிகிச்சைக் குழு 1980-இல் வேறொரு கேள்விமுறையை விவரித்தது. ஒருவரிடம் மற்ற இருவருக்கு இடையே நடப்பதைக் கேட்பது அது. “உங்க மனைவி சத்தம் போட்டா அம்மா என்ன செய்வாங்க? அம்மா பத்து நாள் மக வீட்டுக்குப் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எதைப் பத்திப் பேசுவீங்க?” இரண்டாவது கேள்விதான் உரைகல். மாமியார் ஊரில் இல்லாத நாட்களிலும் சண்டை தொடர்ந்தாலோ, பேச்சே அற்றுப்போனாலோ, வேர் கணவன் மனைவிக்குள் இருக்கக்கூடும்.

சரிசெய்ய வேண்டிய இடம் மௌனம். கணவன் ஏலத் தொகையையும் கடன் பாக்கியையும் மனைவிக்கும் தாய்க்கும் ஒரே நேரத்தில், தானே சொல்கிறான். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் குறை கேட்பதை நிறுத்துகிறான். மனைவி கூடையைப் பற்றிக் கேட்க வேண்டியதை மாமியாரிடமே கேட்கிறாள். கணவன் நடுவில் புகுவதில்லை. கூடையைத் தாயிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. முதல் சில நாட்கள் நிலைமை மோசமாகத் தோன்றும். “பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஆடுறான்” என்ற அழுகை வரும். மாறத் தொடங்கியவரைப் பழைய இடத்துக்கு இழுப்பது குடும்பத்தின் இயல்பு என்று போவன் எதிர்பார்த்தார். அங்கே பின்வாங்கினால் வட்டம் முன்னைவிட இறுகிவிடும். சமாதானம் பேச வருபவரும் ஒரு பக்கம் சாய்ந்த கணமே நான்காம் ஆளாகிவிடுகிறார்.

அடி விழும் வீட்டுக்கு இந்தப் பார்வை பொருந்தாது. எல்லோரும் வட்டத்தில் பங்காளிகள் என்று சொன்னால், அடித்தவன் பொறுப்பில் பாதி அடி வாங்கியவள் தலையில் விழுகிறது. பெண்ணிய சிகிச்சையாளர்கள் 1980-களிலேயே இந்தக் குறையைச் சுட்டினார்கள். அங்கே முதல் வேலை பெண்ணின் பாதுகாப்பு. அதற்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கின்றன.