கால் நகம் கறுத்துவிட்டால்

வீடு திருத்தும்போது காலில் கல் விழுவதும், அளவில்லாத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நடப்பதும் இந்த நாட்களில் நடக்கக்கூடியவை. மறுநாள் பெருவிரல் நகம் கறுத்திருக்கும். அநேகமாக அது நகத்தின் கீழ் கசிந்து உறைந்த இரத்தம்தான். நகத்தைப் பிடுங்க வேண்டாம். விரலுக்கு அதுவே மூடி. முதல் இரண்டு நாட்களில் தாங்க முடியாதபடி விண்விண் என்று வலித்தாலோ, விரல் கோணியிருந்தாலோ வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே நகத்தில் சிறு துளையிட்டு இரத்தத்தை வெளியேற்றுவார்கள், எலும்பு முறிந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சூடாக்கிய ஊசியால் வீட்டில் குத்துவது புண்ணாகிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

உறைந்த இரத்தம் நகத்தோடு ஒட்டியிருப்பதால், நகம் வளர வளர அதுவும் முன்னே நகரும். ஆனால் கால் நகம் மிக மெதுவாகவே வளரும். பெருவிரலில் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர், ஓர் அரிசிமணியின் அகலம் அளவுதான். தை மாதத்தில் சீமெந்துக் கல் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பங்குனி அளவில் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, வெளிறிய புது நகம் மெல்லிய பிறைபோலத் தெரியத் தொடங்கும். ஆடியில் கறுப்பு நகத்தின் முன்பாதிக்கு வந்திருக்கும். முழுவதும் வெட்டுப்பட்டுப் போக ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். இடையில் பழைய நகம் தானாகக் கழன்றால் பயப்பட வேண்டாம். அந்த இடத்தைக் கழுவி, உலர்த்தி, சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.

ஆகவே நிறத்தைப் பார்ப்பதைவிட அது நகர்கிறதா என்று பாருங்கள். தோல் விளிம்புக்கும் கறுப்பு தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து, திகதியோடு எழுதி வையுங்கள். இரண்டு மாதங்களின் பின் மீண்டும் அளவுங்கள். இடைவெளி கூடியிருந்தால் அது இரத்தம்.

இடைவெளியே உண்டாகாமல், நகத்தின் அடியிலிருந்து நுனிவரை நெடுக்காக ஒரு கபில அல்லது கறுப்புக் கோடு நின்றால் அது நகத்துக்குள் ஊறிய நிறமி. நம்மைப்போன்ற கருமையான தோல் உள்ளவர்களுக்கு, பல விரல்களில் இப்படி மெல்லிய கோடுகள் இருப்பது வழமை. வருடக்கணக்காக மாறாமல் இருந்தால் கவலையில்லை. ஒரேயொரு விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, அல்லது நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் பரவும் கோடு வேறு. அரிதாக அது நகத்தடியில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். அடிபடாமல் நகம் வெடித்தாலோ இரத்தம் கசிந்தாலோ அதே சந்தேகம்தான்.

“அன்றைக்குக் கல் விழுந்ததுதானே” என்று பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அடிபட்ட விரலிலும் இந்நோய் இருக்கலாம். அளவு நகராவிட்டால் எழுதி வைத்த தாளோடு அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போய், தோல் நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். நகப்பூச்சு பூசியிருந்தால் அதை அகற்றிவிட்டுச் செல்லுங்கள்.