870 என்ற விலையே வராத காலை

2025 மார்ச் 10, திங்கட்கிழமை. பிற்பகல் மூன்றரைக்குச் சந்தை மூடியபோது இண்டஸ்இண்ட் வங்கியின் பங்கு 900 ரூபாயை ஒட்டி நின்றது. அன்று ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருந்தது. தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி மூன்றாண்டுக்குப் பதிலாக ஓராண்டு மட்டுமே நீட்டியதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். சந்தை மூடிய பிறகு வங்கியிடமிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது. டெரிவேட்டிவ் கணக்குகளை உள்ளுக்குள் ஆராய்ந்ததில் முரண்பாடுகள் தெரிந்திருக்கின்றன, அதனால் நிகர மதிப்பில் சுமார் 2.35 சதவீதம் அடிபடலாம் என்றது அது.

மறுநாள் காலை முதல் விலையே 810 ரூபாய் அருகே. மாலையில் 655 அருகே. ஒரே நாளில் 27 சதவீதம் போயிருந்தது.

இந்தப் பங்கை 920 ரூபாய்க்கு 200 வாங்கி வைத்திருந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கோயம்புத்தூர்க்காரர், கவனமானவர். 50 ரூபாய்க்கு மேல் நட்டம் வேண்டாம் என்று 870-இல் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறார். 200 பங்குக்கு 10,000 ரூபாய். தாங்கக்கூடிய தொகைதான், கணக்கிலும் தப்பில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அந்த 870 என்ற விலையில் ஒரு பங்குகூடக் கைமாறவில்லை. திங்கள் கடைசியில் 900, செவ்வாய் முதலில் 810. நடுவில் எதுவும் இல்லை. சந்தைக்காரர்கள் இதைத்தான் ‘கேப் டவுன்’ என்கிறார்கள். அன்றைய விலை வரைபடத்தில் அது வெறும் வெள்ளையிடமாகத்தான் தெரியும்.

அந்த வெள்ளையிடம் எப்படி உருவாகிறது? சந்தை மூடியிருக்கும் பதினேழு பதினெட்டு மணி நேரத்தில் வியாபாரம் நிற்கிறது, மனிதர்களின் எண்ணம் நிற்பதில்லை. செய்தியைப் படித்தவர்கள் இரவிலேயே மனதில் ஒரு புது விலையை முடிவு செய்துவிடுகிறார்கள். காலை 9 மணிக்கு ‘ப்ரீ ஓப்பன்’ தொடங்குகிறது. முதல் எட்டு நிமிடம் வரை ஆர்டர்கள் சேர்கின்றன, எதுவும் கைமாறுவதில்லை. பிறகு எந்த விலையில் அதிகப் பங்குகளை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொருத்திவிட முடியுமோ, அந்த ஒரே விலையைப் பரிவர்த்தனை நிலையம் கண்டுபிடிக்கிறது. அதுதான் அன்றைய தொடக்க விலை. நேற்றைய 900-இலிருந்து 899, 898 என்று படிப்படியாக இறங்கி வரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 890-க்கு வாங்க நேற்று வரிசையில் நின்றவர் இன்று வரப்போவதில்லை. 870-க்கு வாங்குபவரும் அப்படித்தான்.

ஸ்டாப் லாஸை வேலி என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அது வேலி இல்லை, ஓர் ஏவல். ‘விலை 870-ஐத் தொட்டாலோ, அதற்குக் கீழே போனாலோ, விற்பதற்கு ஓர் ஆர்டரை அனுப்பு’ என்பதுதான் அதன் முழு அர்த்தம். 870-க்கு வாங்கிக்கொள்ள எதிரே ஒரு மனிதர் இருப்பார் என்று யாரும் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

சரி, நம் கோயம்புத்தூர்க்காரரின் ஆர்டருக்குச் செவ்வாய் காலை என்ன ஆகும்? அவர் எந்த வகை ஸ்டாப் லாஸ் போட்டிருந்தார் என்பதைப் பொறுத்து மூன்று கதைகள் உண்டு. மூன்றும் தனித்தனி வலி.

முதல் கதையில் அவர் திங்கட்கிழமை சந்தை நேரத்தில் சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டிருக்கிறார். நம் பங்குச் சந்தையில் அந்த ஆர்டருக்கு ஆயுள் ஒரு நாள்தான். மூன்றரை மணிக்கு அது தானாகவே ரத்தாகிவிட்டது. இரவு செய்தி வந்தபோது அவருக்கு ஸ்டாப் லாஸே கிடையாது. ஆச்சரியம் என்னவென்றால், வருடக்கணக்கில் வியாபாரம் செய்பவர்களில் சிலருக்கே இது தெரிவதில்லை. காலையில் எழுந்து திரும்பப் போட முயன்றால், விலை ஏற்கெனவே 870-க்குக் கீழே இருப்பதால் அந்த ஆர்டருக்கு அர்த்தமே இல்லை. ட்ரிக்கர் விலை நடப்பு விலைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று திரை திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டாவது கதை இன்னும் சிக்கலானது, இன்று மிகப் பரவலானதும்கூட. அவர் தன் புரோக்கரின் செயலியில் ஜிடிடி போட்டிருக்கிறார். இது பரிவர்த்தனை நிலையத்தில் இருக்கும் ஆர்டர் இல்லை. புரோக்கரின் கணினியில் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒரு குறிப்பு. விலை எல்லையைத் தாண்டியதும் அந்தக் கணினி உண்மையான ஆர்டரை நிலையத்துக்கு அனுப்பும். பெரும்பாலும் அது லிமிட் ஆர்டராக இருக்கும், அதாவது ‘இந்த விலைக்குக் குறையாமல் விற்றுத் தா’ என்பது. நம்மவர் ட்ரிக்கர் 870, லிமிட் 865 என்று கொடுத்திருக்கிறார். ஐந்து ரூபாய் விட்டுக்கொடுத்தது போதும் என்று நினைத்தார். செவ்வாய் காலை 810-ஐப் பார்த்ததும் ட்ரிக்கர் ஒழுங்காகவே வேலை செய்கிறது. ஆர்டரும் போகிறது. ஆனால் 865-க்குக் குறையாமல் விற்கச் சொன்ன பங்கை, 810-க்குக் கிடைக்கும்போது யார் வாங்குவார்? ஆர்டர் திறந்தபடியே கிடக்கிறது. அன்று முழுவதும் விலை 865 பக்கம் திரும்பவே இல்லை. கைபேசியில் ‘உங்கள் ஜிடிடி ட்ரிக்கர் ஆனது’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, விற்றாயிற்று என்று நம்பி வேலைக்குப் போனவர் மாலையில் டீமேட் கணக்கைத் திறந்தால் அதே 200 பங்கும் அங்கேயே இருக்கும், 655 விலையில். நட்டம் 10,000 அல்ல, 53,000 ரூபாய்.

மூன்றாவது கதையில் ட்ரிக்கர் ஆனதும் மார்க்கெட் ஆர்டர் போகும்படி வைத்திருக்கிறார். என்ன விலை கிடைத்தாலும் விற்றுவிடு என்று பொருள். நல்ல நேரம் இருந்தால் 810 அருகே விற்றிருக்கும். நட்டம் 22,000 ரூபாய் அளவில். போட்ட கணக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான், ஆனாலும் மூன்று கதைகளில் இதுவே தேவலை. இங்கேயும் ஒரு ‘ஆனால்’ உண்டு. 810 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. அது முந்தைய விலையிலிருந்து சரியாகப் பத்து சதவீதம் கீழே. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் உள்ள பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் கிடையாது. முதலில் பத்து சதவீதத்தில் ஒரு தற்காலிகத் தடுப்பு இருக்கும், அங்கே போதிய வியாபாரம் நடந்தால் கொஞ்சம் காத்திருந்து தடுப்பைத் தளர்த்துவார்கள். தடுப்பில் விலை ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் விற்பவர்கள் குவிவார்கள், வாங்குபவர்கள் அருகிப்போவார்கள். மார்க்கெட் ஆர்டராக இருந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஃபியூச்சர்ஸ் இல்லாத சிறிய பங்குகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஐந்து சதவீத லோயர் சர்க்யூட்டில் நாள்கணக்கில் வாங்க ஆளில்லாமல் பூட்டிக்கிடப்பது சகஜம்.

லிமிட் போட்டால் விலைக்குக் காவல், வெளியேறுவதற்குக் காவல் இல்லை. மார்க்கெட் போட்டால் வெளியேறலாம், விலைக்குக் காவல் இல்லை. இந்தப் பேரத்தில் இரண்டையும் ஒருசேரத் தரும் ஆர்டர் எதுவும் நம் சந்தையில் விற்பனைக்கு இல்லை.

மார்க்கெட் ஆர்டர்தான் புத்திசாலித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் எஸ் வங்கியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்குத் தடைக்காலம் விதித்தது. வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய பணத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு. முந்தைய நாள் 36 ரூபாய் சொச்சத்தில் முடிந்திருந்த பங்கு, 6-ஆம் தேதி 33 அருகே திறந்து, பீதியில் ஆறு ரூபாய்க்கும் கீழே விழுந்து, கடைசியில் 16 ரூபாய் சொச்சத்தில் நின்றது. என்ன விலைக்காவது தள்ளிவிடு என்று சொன்ன ஆர்டர்கள் அந்த ஆறு ரூபாய்ப் பள்ளத்திலும் போய் விழுந்திருக்கும். அன்று மாலைக்குள் அதே பங்கு அந்தப் பள்ளத்திலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. இதே மாதிரி விபரீதங்கள் ஆப்ஷன்ஸில் அடிக்கடி நடந்ததால்தான் தேசியப் பங்குச் சந்தை 2021 செப்டம்பரில் ஆப்ஷன்களுக்கு ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டர்களையே நிறுத்திவிட்டது.

இரவில் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்து மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று 2011 செப்டம்பர் முதல் காத்துவந்த எல்லையைப் பட்டப்பகலில், முன்னறிவிப்பே இல்லாமல் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. 1.20-க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் போட்டு நிம்மதியாக இருந்தவர்கள் ஏராளம். நாணயச் சந்தை ஐந்து நாளும் இரவு பகலாக இயங்குவது, அதில் மூடும் நேரமே இல்லை. ஆனாலும் அந்த நிமிடங்களில் வாங்க வேண்டிய வங்கிகள் விலை சொல்வதையே நிறுத்திக்கொண்டன. கடன் வாங்கி வியாபாரம் செய்த வாடிக்கையாளர்கள் போட்ட பணத்தையும் இழந்து, அதற்கு மேல் புரோக்கருக்குக் கடன்பட்டார்கள். எஃப்எக்ஸ்சிஎம் என்ற ஒரே புரோக்கருக்கு இப்படி வரவேண்டிய பாக்கி மட்டும் சுமார் 22.5 கோடி டாலர். அல்பாரி நிறுவனத்தின் பிரிட்டன் கிளை மறுநாளே திவாலானது.

பிரிட்டனில் சில புரோக்கர்கள் ‘உத்தரவாத ஸ்டாப்’ என்று ஒன்றைத் தருகிறார்கள். சொன்ன விலையில் வெளியே விடுவார்கள், இடைவெளி வந்தால் அந்த நட்டம் புரோக்கருடையது. சும்மா இல்லை, தனிக் கட்டணம். கிட்டத்தட்ட காப்பீடுதான். நம் சந்தையில் அதற்கு நிகரானது புட் ஆப்ஷன். 870 ஸ்ட்ரைக் புட் ஒன்றை வாங்கியிருந்தால், பங்கு 810-இல் திறந்தாலும் 655-இல் முடிந்தாலும் ஒப்பந்தம் முடியும் நாளில் 870-க்கு விற்கும் உரிமை அவருடையது. இது ஏவல் இல்லை, எதிரே ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு ஏற்ற கடமை. ஒவ்வொரு மாதமும் பிரீமியம் கட்ட வேண்டும், ஒன்றும் நடக்காத மாதங்களில் அது போனதுதான். தவிர, ஆப்ஷன்கள் லாட் கணக்கில்தான் கிடைக்கும், 200 பங்கு வைத்திருப்பவருக்கு அது அளவு மீறிய சட்டை.

அதனால் சிறு முதலீட்டாளர் கையில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு நெம்புகோல்: எத்தனை பங்கு வாங்குவது என்பது. நம்மவர் 50 ரூபாய் நட்டத்தை வைத்து 200 பங்கு என்று முடிவு செய்தார். இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். அந்தப் பங்கின் பழைய விலைப் பட்டியல் பரிவர்த்தனை நிலையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு நாளின் முடிவு விலையையும் மறுநாளின் தொடக்க விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பங்கு இரவில் எவ்வளவு தாவும் என்பது தெரிந்துவிடும். அதிகபட்சம், குறைந்தபட்சம் விலைகளைப் பார்த்துப் பயனில்லை, அவை பகலின் கதை. ஓர் இரவில் பங்குக்கு 110 ரூபாய் போகக்கூடும், 10,000 ரூபாய்க்கு மேல் தாங்காது என்றால் விடை 90 பங்கு. அதிலும் ஒரு ஓட்டை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. மார்ச் 10-ஆம் தேதி மாலை வரைக்குமான பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டவரிடம், மார்ச் 11-ஆம் தேதியின் வரி இருந்திருக்காது.