பொத்தானை அழுத்தினால் போதுமா?

மாணவர்களே, தொழிற்சாலை ஊழியர்களுக்கான பாதுகாப்புக் காணொளி ஒன்றின் வசனத்தை அறிவியல் கண்ணோடு படிப்போம். உலோகத் தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரம் பழுதாகிவிட்டது. ஊழியர் நிறுத்தப் பொத்தானை அழுத்துகிறார். உடனே, "கையை உள்ளே விடாதீர்கள்!" என்ற எச்சரிக்கை வருகிறது.

ஏன்? பொத்தான் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் துண்டிக்கிறது. இயந்திரத்திற்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. யாராவது மறுபடி இயக்கிவிடலாம். அதனால் அவர் முதன்மை விசையை அணைத்து, தம் சொந்தப் பூட்டை மாட்டி, பெயர் அட்டையையும் தொங்கவிடுகிறார். சாவி அவரிடமே இருக்கும்.

மின்சாரம் நின்றும் ஆபத்து நீங்கவில்லை. மேலே காற்றழுத்தத்தில் நிற்கும் இரும்புப் பகுதி 200 கிலோகிராம், உயரம் 0.5 மீட்டர் என்று கொள்வோம். ஈர்ப்பு நிலையாற்றல் 200 × 10 × 0.5 = 1,000 ஜூல். 100 மீட்டர் உயரத்திலிருந்து 1 கிலோகிராம் கல் விழுவதற்குச் சமம்!

இங்கே வரிசை முக்கியம். முதலில் அந்தப் பகுதிக்குக் கீழே தாங்குகட்டை வைக்க வேண்டும். பிறகே குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் காற்று போனதும் இரும்பு கீழே விழும். இறுதியாக இயக்கப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார். அசைவில்லை. இப்போதுதான் வேலை தொடங்குகிறது.

காணொளியின் புதிர்: ஒரே இயந்திரத்தை இருவர் பழுதுபார்த்தால் எத்தனை பூட்டு? இரண்டு. ஒருவர் வேலையை முடித்துத் தம் பூட்டைக் கழற்றினாலும், மற்றவரின் பூட்டு விசையை விடாது.