சோப்புப் பெட்டியை எண்களில் சொல்வது

அகலம் 60, ஆழம் 30, உயரம் 90 மில்லிமீட்டர் கொண்ட சோப்புப் பெட்டியின் படத்தை அச்சக வடிவமைப்பாளர் மீண்டும் வரைய வேண்டுமா? அச்சுப் பக்கம் மேலே இருக்க அட்டையை விரித்து, எல்லா அளவையும் இடது ஓரத்திலிருந்தே சொல்லுங்கள். முதல் மடிப்பு 12-இல்; அதுவரை பசைப் பட்டை. அடுத்த மடிப்புகள் 72, 102, 162. வலது வெட்டு 192. முகம் முகமாகத் தனியே அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்து கடைசி மடிப்பு விலகிவிடும்.

வெட்டும் அச்சும் மயிரிழை பிசகலாம். அதனால் பின்னணி நிறம் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீள வேண்டும், இதுதான் பிளீட். எழுத்தும் லோகோவும் வெட்டு, மடிப்பு இரண்டிலிருந்தும் 3 மி.மீ. உள்ளே நிற்கட்டும். பசைப் பட்டையில் மட்டும் நிறம் 9 வரை வந்தால் போதும். மீதியில் வார்னிஷ் படிந்தால் பசை சரியாகப் பிடிக்காது.